கட்டியில் தெரிந்த ஜீன் மாற்றம் பரம்பரையா?

"கட்டி டெஸ்ட்டில் பிஆர்சிஏ2 மாற்றம் 48% வந்திருக்கு. பாதி வந்தாலே பரம்பரைதான், பிள்ளைகளுக்கும் போயிருக்கும்."

இல்லை, அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரு செல்லில் இந்த ஜீனுக்கு இரண்டு பிரதிகள்; பிறவி மாற்றம் அதில் ஒன்றில் இருப்பதால் பாதியளவில் தெரியும் என்பது சரிதான். ஆனால் கட்டித் துண்டில் புற்றுசெல்லோடு நல்ல செல்லும் கலந்திருக்கும். 100 செல்லில் 65 புற்றுசெல் என்று வைப்போம். மாற்றம் கட்டிக்குள் மட்டும் உண்டாகி, நல்ல பிரதி தொலைந்திருந்தால், அந்தப் புற்றுசெல்களில் 65 பிரதிகள், எல்லாமே மாறியவை. மீதி 35 நல்ல செல்களில் 70 பிரதிகள். 135-க்கு 65, அதாவது அதே 48%!

தீர்ப்பு ரத்தம் அல்லது உமிழ்நீரில் செய்யும் பரம்பரை டெஸ்ட்டில்தான். அங்கே அதே மாற்றம் இல்லையென்றால் பொதுவாக அது கட்டியோடு நின்றது. நோயே ரத்தப்புற்றாக இருந்தால் ரத்தம், உமிழ்நீர் இரண்டும் ஏமாற்றும். தோல் துண்டிலிருந்து வளர்த்த செல்கள் தேவை.