முக்கிய வசனம்தான் காட்சியின் நுழைவாயில் என்பது சரியல்ல

"காட்சியை முக்கிய வசனத்திலேயே ஆரம்பி, அது முடிஞ்சதும் வெட்டு. நலம் விசாரிப்பு எல்லாம் எப்பவும் வெட்டித்தான்."

திரைக்கதை எழுதுவதற்கு நீங்கள் சொன்ன இந்த விதி பாதிதான் சரி. எங்கே நுழைவது என்பதை, பார்ப்பவருக்கு அதற்குள் என்ன தெரியும் என்பதே முடிவு செய்கிறது. மகன் வேலையை விட்டதை அப்பாவிடம் சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு மணி, செருப்பைக் கழற்றுவது, பயணம் எப்படி இருந்தது என்ற பேச்சு எல்லாம் வரைவில் இருக்கும். அவன் வேலையை விட்டது நமக்குத் தெரியாதென்றால் இவை போகட்டும். முந்தைய காட்சியிலேயே தெரிந்துவிட்டதென்றால், "எத்தனை நாள் லீவு?" என்று அப்பா சாதாரணமாகக் கேட்பதுதான் காட்சியின் உச்ச இறுக்கம். நுழைய வேண்டியது அங்கேதான். நீங்கள் சொன்னபடி "வேலையை விட்டுட்டேன்ப்பா"வில் ஆரம்பித்தால் அது போய்விடும்.

வெளியேறுவதிலும் இதே சிக்கல். அந்த வரியோடு வெட்டினால் அப்பா என்ன ஆனார்? அடுத்த காட்சியில் மகன் பையோடு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் பதில் கிடைத்துவிடுகிறது, வெட்டு சரி. மாறாக, அவன் நண்பனிடம் "அப்பா பயங்கரமாகக் கத்தினார்" என்று சொல்ல வேண்டி வந்தால், சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒருவர் தன் நாவலுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார். பொருந்தும், ஆனால் உரைநடையில் யார், எங்கே என்பதை முதல் சில வரிகளிலேயே சொல்லியாக வேண்டும். திரையில் அதை ஒரு ஷாட் பார்த்துக்கொள்ளும்.