அலாரமாக வைத்த பாடல் காலையில் ஏன் ஒலிப்பதில்லை?

ஸ்ட்ரீமிங் செயலியில் உள்ள பிடித்த பாடலை அலாரமாக வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இரண்டு நிமிடம் தள்ளி நேரத்தைக் குறித்து, பாடல் ஒலித்ததும் நிம்மதியாகப் படுத்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன். அந்தச் சோதனை ஒன்றையுமே சோதிக்கவில்லை என்பது மூன்று காலைகளைக் கோட்டைவிட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஃபோனோடு வரும் வழக்கமான அலாரம் ஒலி, ஃபோனுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய கோப்பு. கடிகாரச் செயலி அதைத் தானே எடுத்து ஒலிக்கிறது. வேறு யாருடைய தயவும் அதற்குத் தேவையில்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், சார்ஜரில் செருகாமல், திரை அணைந்த நிலையில், அசையாமல் கிடக்கும் ஃபோன் டோஸ் என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்கிறது. அப்போது செயலிகளின் பின்னணி வேலைகளும் இணையத் தொடர்பும் நிறுத்திவைக்கப்படுகின்றன. ஆனாலும் அலாரம் தவறுவதில்லை. ஏனெனில் கடிகாரச் செயலி முறைப்படி பதிந்துவைத்த அலாரத்துக்காக, குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே ஃபோன் விழித்துக்கொள்ளும்படி விதி இருக்கிறது.

அந்தச் சலுகை முறைப்படி பதிந்த அலாரத்துக்கு மட்டுமே உரியது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்ட்ரீமிங் பாடல் என்றால் கடிகாரம் அதைத் தானே ஒலிப்பதில்லை, இன்னொரு செயலியை எழுப்பி ஒலிக்கச் சொல்கிறது. அந்தச் செயலி புதிதாகத் தொடங்கி, கணக்கைச் சரிபார்த்து, இணையத்தைப் பிடித்து, பாடலைக் கொண்டுவர வேண்டும். ஆஃப்லைனில் பதிவிறக்கி வைத்திருந்தால் இணையம் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அந்தப் பதிவிறக்கம் பூட்டப்பட்ட கோப்பு, அதே செயலியால் மட்டுமே திறக்க முடியும். ஆகவே செயலி எழவில்லை என்றால் பாடலும் இல்லை. இரண்டு நிமிடச் சோதனையின்போது செயலி ஏற்கெனவே நினைவகத்தில் விழித்திருக்கிறது, இணையம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு மணி நேரம் கழித்து அந்த இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

முதல் நாள் காலையில் அலாரத் திரை வந்திருந்தது, ஃபோன் அதிர்ந்துகொண்டும் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அலாரம் ஒலியளவை முழுதாக வைத்திருந்தேனே என்று குழம்பினேன். ஆண்ட்ராய்டில் அலாரத்துக்கும் மீடியாவுக்கும் தனித்தனி ஒலியளவு உண்டு. என் ஃபோனில் பாடல் மீடியா ஒலியளவில்தான் ஒலித்திருக்கிறது, அதை முந்தைய இரவு பாட்டுக் கேட்டபோது நானே அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தேன்.

அதைச் சரிசெய்த சில நாள்களில் மறுபடியும் மௌனம். இம்முறை ஸ்ட்ரீமிங் செயலியைத் திறந்தபோது, அது விட்ட இடத்திலிருந்து தொடராமல் முகப்புப் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கியது. பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லி ஃபோன் அதை இரவிலேயே நிறுத்திவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரிப் பயன்பாட்டைக் கட்டுப்பாடற்றதாக மாற்றியதும் நிலைமை தேறியது.

மூன்றாவது முறைதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஃபோனில் எந்தக் குறையும் இல்லை. பாடலே செயலியில் மங்கலாகத் தெரிந்தது, தொட்டாலும் ஒலிக்கவில்லை. உரிமம் முடிந்தாலோ உரிமையாளர் விலக்கிக்கொண்டாலோ பாடல்கள் இப்படிப் போய்விடும். நாம் மாதச் சந்தா கட்டுவது கேட்பதற்கான அனுமதிக்கு, பாடலுக்கு அன்று. அந்த அனுமதி நள்ளிரவில் போனால் அலாரத்துக்கு யார் சொல்வார்கள்?

ப்ளூடூத் இன்னொரு பொறி. சாதாரண அலாரம் ஒலி, இயர்ஃபோன் இணைந்திருந்தாலும் ஃபோனின் சொந்த ஸ்பீக்கரிலும் வரும். மீடியா ஒலியோ இணைந்திருக்கும் கருவிக்கு மட்டுமே போகும். அடுத்த அறையில் ஸ்பீக்கர் அணைக்கப்படாமல் இருந்தால், உங்கள் பாடல் அங்கே யாருமற்ற அறையில் அருமையாக ஒலித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எனவே சோதிக்க விரும்புபவர்கள் விடுமுறை நாளுக்கு முந்தைய இரவில் சோதியுங்கள். ஸ்ட்ரீமிங் செயலியைச் சமீபத்திய செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டு, சார்ஜரைக் கழற்றி, ஃபோனை இரவு முழுவதும் தொடாமல் விடுங்கள். இரவெல்லாம் சார்ஜரில் செருகி வைப்பவர்களுக்கு டோஸ் உறக்கமே வராது. 'எனக்கு ஒருநாளும் தவறியதில்லையே' என்று சிலர் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் இப்போது பாடலை 5:30க்கும், ஃபோனோடு வந்த அந்தக் கரகரத்த மணியோசையை 5:33க்குமாக இரண்டு அலாரங்கள் வைக்கிறேன். பாடல் ஒலித்து நான் எழுந்துவிட்டால், இரண்டாவதை ஒலிப்பதற்கு முன்பே அணைத்துவிடுகிறேன்.