பயிற்சி பெறுபவருக்கும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும்

பணியிடத்தில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றி இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: “பயிற்சிக்கு வந்த பெண் ஊழியரே அல்ல, உதவித்தொகை கூட இல்லை. நிறுவனத்தின் உள் குழுவில் புகார் கொடுக்கவே முடியாது.”

இது சரியல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ‘ஊழியர்’ என்பதில் பயிற்சி பெறுபவரையும் தொழில்பழகுநரையும் வெளிப்படையாகச் சேர்க்கிறது. ஊதியம் இல்லாவிட்டாலும் அது பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள் குழு இருக்காது என்பது உண்மைதான், ஆனால் அப்போது மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம்.

என் அக்கா மகள் கோத்தகிரி விடுதியொன்றில் பயிற்சியில் இருந்தபோது, மேற்பார்வையாளர் இரவில் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் சொல்லாததால், அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்திட மறுத்தார். சான்றிதழ் போய்விடுமே என்று அவள் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். புகார் கொடுத்து, விசாரணை முடியும்வரை அவளுடைய வேலையை அந்த மேற்பார்வையாளர் மதிப்பிடாமல், வேறொருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கும்படி எழுத்தில் கேட்டோம். விதிகள் அதற்கு இடம் தருகின்றன. குறிப்பேட்டில் வேறொருவர் கையெழுத்திட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை.

குன்னூர்த் தொழிற்சாலையில் மூத்தவர்கள் தன்னை அடித்ததாக எழுதிய தம்பிக்கு: இச்சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார் தர முடியும். அடித்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.