விதி தெரியாமலா அவர் தப்பாகப் பேசினார்?

அந்த மேடை வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நன்றாக ஆங்கிலம் பேசும் ஒரு பொறியாளர் "டூ யூ நோ வேர் இஸ் த ஃபைல்?" என்கிறார். பயிற்சியாளர் இடைமறித்து "வேர் த ஃபைல் இஸ்" என்று திருத்துகிறார். கொஞ்ச நேரத்தில் அதே தப்பு மறுபடி வருகிறது, கூட்டம் சிரிக்கிறது. "இந்த விதிகூடத் தெரியாதா?" என்று கீழே கமெண்ட் வேறு.

தெரியும். தாளில் கொடுத்தால் அவரே சரியாக எழுதுவார். பேசும்போதுதான் வராது. மொழி கற்றலில் இப்படி உறைந்துபோகும் பிழைகளைப் பற்றி மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-லேயே எழுதிவிட்டார். தெரிந்த விதியைத் திரும்பச் சொல்லி இதைக் கரைக்க முடியாது.

இது ஏன் உறைகிறது? "ஃபைல் எங்க இருக்கு?" என்பதோடு "-ன்னு தெரியுமா" சேர்த்தால் தமிழில் வேலை முடிந்தது, உள்ளே இருக்கும் கேள்வி அசையாது. ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியைக் கலைத்து அடுக்க வேண்டும். ஆனால் கலைக்காவிட்டாலும் எதிராளிக்குப் புரிகிறது, ஃபைலும் கிடைக்கிறது. பிறகு நாக்கு எதற்கு மாறும்?

திருத்திச் சொல்வதும் பெரிதாக உதவாது. 1997-ல் லிஸ்டர், ரான்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து எழுதினார்கள். ஆசிரியர்கள் அதிகம் செய்தது, சரியான வடிவத்தைத் தாங்களே சொல்லிவிடுவது. மாணவர்கள் தங்கள் பிழையைத் திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவியதும் அதுதான்.

பயிற்சி கொடுப்பவர்கள் என்ன செய்யலாம்? ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிழையை எடுங்கள். மூன்று நிமிடப் பேச்சைப் பதிவுசெய்து, இந்த அமைப்பு வரவேண்டிய இடங்கள் எத்தனை, சரியாக வந்தவை எத்தனை என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். தன் காதால் கேட்டால்தான் நம்புவார். அடுத்து, தப்பு கிளம்பும் இடத்தைப் பிடிக்க வேண்டும். "டூ யூ நோ", "ஐ டோன்ட் நோ", "டெல் மீ" வந்ததும் வேகத்தைக் குறைத்து, "வேர்", "வாட்" போன்ற சொல்லுக்குப் பின் ஆளையோ பொருளையோ வைக்கப் பழக்குங்கள். "இஸ்" கடைசியில் தொங்குவது அவருக்கு அரைகுறையாகப் படும். அதனால் "இஸ்"ஸில் முடியும் வாக்கியங்களையே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லாமல் "வேர்...?" என்று நிறுத்திக் காத்திருங்கள். அவரே திருத்தட்டும். வேகமாகப் பேசும் பயிற்சி இதற்குப் பிறகுதான், முன்னால் கொடுத்தால் தப்புதான் இறுகும்.

"புரிந்தால் போதாதா, இதுவும் இந்திய ஆங்கிலம்தானே?" என்பீர்கள். அயர்லாந்திலும் இப்படிப் பேசுகிறார்கள், மாற விரும்பாதவரை நான் தொடமாட்டேன். ஆனால் மாற வந்தவரை மேடையில் நிறுத்திச் சிரிப்பது பயிற்சியா? பதற்றத்தில் பழைய பழக்கம்தான் முதலில் வாய்க்கு வரும். அவரை அந்தப் பதற்றத்தில் தள்ளியதே நீங்கள்தான்!

இன்னொன்று. பயிற்சி ஏற ஏற அவர் நேர்க்கேள்வியிலும் தப்பாக "வேர் த ஃபைல் இஸ்?" என்பார். அதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளாதீர்கள். உறைந்தது அசைகிறது என்று அர்த்தம். அப்போது நேர்க்கேள்வியையும் உள்கேள்வியையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.