வரியெல்லாம் சரி, கூட்டுத்தொகை மட்டும் பொய்

நாலு பேருடைய கணக்கு. நாலு வரி. கீழே ஒரு மொத்தம். அந்த மொத்தம் பொய். இந்த ஒரு பொய்யால் போன மாதம் எங்கள் செம்பனை வெட்டுக்காரர்களைப் பார்த்து, "உங்களுக்கு இன்சென்டிவ் அதிகமாகப் போகிறது" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் பார்க்கிறேன். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெரட்டு எடுத்து முடிந்ததும் யார் எந்த பிளாக்கில் வெட்டினார்கள், எத்தனை குலை, எத்தனை டன் என்று கணக்கு வந்து சேரும். அதைத்தான் பவர் பிஐ டாஷ்போர்டில் காட்டுகிறோம். அந்த டாஷ்போர்டைத் தலைமையகத்தில் யாரோ செய்து அனுப்பினார்கள். பார்க்க அழகாக இருந்தது. அதுதான் வினையே.

எங்கள் விதி எளிமையானது. மாதத்துக்கு ஓர் ஆள் 40 டன் வெட்ட வேண்டும். அதற்கு மேல் வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 12 வெள்ளி இன்சென்டிவ். 40க்குக் கீழே போனால் இன்சென்டிவ் இல்லை, அவ்வளவுதான். விதி ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த இடத்தில்தான்.

ஒரு மண்டோருக்குக் கீழே நாலு பேர். அந்த மாதம் ஒருவர் 52 டன், இன்னொருவர் 46, மற்ற இருவரும் 38, 31. முதல் ஆளுக்கு 12 டன் கூடுதல், 144 வெள்ளி. இரண்டாவது ஆளுக்கு 6 டன், 72 வெள்ளி. மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. மொத்தம் 216 வெள்ளி. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. டாஷ்போர்டும் வரிக்கு வரி அதையே காட்டியது: 144, 72, வெற்று, வெற்று. ஆனால் கீழே மொத்தம் என்ற இடத்தில் 1,524!

இன்சென்டிவ் கணக்குப் போடும் சூத்திரத்தை பவர் பிஐயில் மெஷர் என்பார்கள். அது இப்படி எழுதப்பட்டிருந்தது:

```
Incentive Base =
VAR T = SUM ( Harvest[Tonnes] )
RETURN IF ( T > 40, ( T - 40 ) * 12 )
```

பார்த்தால் தப்பே தெரியாது. ஆனால் பவர் பிஐ மொத்த வரியில் மேலே இருக்கும் எண்களைத் தானாகக் கூட்டுவதில்லை. எக்செலில் வளர்ந்த நம் எல்லோருக்கும் மொத்தம் என்றால் மேலே உள்ளதைக் கூட்டுவது என்றுதான் கை பழகியிருக்கிறது. இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் அதே சூத்திரம் புதிதாக, தனியாக ஓடுகிறது. 52 டன் ஆளின் வரியில் ஓடும்போது, "இந்த ஆள் மட்டும்" என்ற வடிகட்டி சூத்திரத்தைச் சுற்றி நிற்கிறது. இதைத்தான் ஃபில்டர் கான்டெக்ஸ்ட் என்கிறார்கள். அதனால் `SUM` 52 என்கிறது. மொத்த வரியில் அந்த ஆள் வடிகட்டி இல்லை. நாலு பேரும் சேர்ந்து 167 டன். 167இல் 40 போக 127. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,524. நாலு பேருக்கும் தலைக்கு 40 என்று கழிக்க வேண்டிய இடத்தில், நாலு பேரையும் ஒரே பெரிய ஆளாக நினைத்து ஒரே ஒரு தடவை கழித்துவிட்டது.

இதுவே வெறும் டன் கணக்காக இருந்தால் பிரச்சினை வந்திருக்காது. டன்னை எப்படிக் கூட்டினாலும் 167தான். ஆளுக்கு ஆள் ஓர் எல்லைக்கோடு வைத்துக் கழிக்கும் கணக்கில்தான் மொத்தம் தலைகீழாகிறது. `IF` எங்கே வருகிறதோ அங்கே பயப்பட வேண்டும்.

சரி, மொத்த வரியாவது பக்கத்தில் நாலு வரியை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் பிடித்துவிடலாம். ஆனால் அதே மெஷரை, ஒரே ஓர் எண்ணை மட்டும் காட்டும் ஒரு பெரிய கார்டில் போட்டு முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே ஆள் பெயரே இல்லை. மாத வாரியாகப் போட்ட பார் சார்ட்டிலும் ஆள் இல்லை. அந்த இரண்டிலும் இதே 1,524தான், ஆனால் ஒத்துப்பார்க்க ஒரு வரிகூடக் கிடையாது. மேலிடம் பார்ப்பது அந்த முதல் பக்கத்தைத்தான். பார்த்துவிட்டு ஒருவர் போன் போட்டார். "இந்த மாசம் இன்சென்டிவ் இவ்வளவு ஏறியிருக்கே, கோட்டாவை 45 ஆக்கிடலாமா?" என்று கேட்டார். என் அப்பா இதே தோட்டத்தில் கம்பும் அரிவாளுமாக நின்று குலை வெட்டிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டவர். இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நிற்கும் பையன்கள். அவர்கள் வாங்காத பணத்தைக் காட்டி, அவர்கள் தலையில் இன்னும் ஐந்து டன் ஏற்றப் பார்க்கிறார்கள். எந்த எண் என்று கேட்டுப் பார்க்க ஓர் ஆளும் இல்லை!

நான் எழுதிப் போட்ட மறுநாளே திருத்தி அனுப்பினார்கள். அந்தத் திருத்தத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

```
Incentive =
SUMX (
    Workers,
    VAR T = SUM ( Harvest[Tonnes] )
    RETURN IF ( T > 40, ( T - 40 ) * 12 )
)
```

எண்ணம் என்னவோ சரியானது. `SUMX` ஆள் பட்டியலில் ஒவ்வொரு வரியாக நடந்து, ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுக் கடைசியில் கூட்டும். நடக்கவும் செய்தது. ஆனால் மொத்தம் 6,096 என்று வந்தது. முன்னதைவிட நாலு மடங்கு! அதிலும் ஆள் வரிகள் பழையபடியே 144, 72 என்று சரியாக நின்றன. அதனால் அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாலு மடங்கு ஏன்? `SUMX` ஒவ்வோர் ஆளிடமும் போய் நிற்பது ரோ கான்டெக்ஸ்ட். அதாவது, இப்போது எந்த வரியில் நிற்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியும். அது வடிகட்டாது. இதைத்தான் பலர் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள். முதல் ஆளின் வரியில் நின்றுகொண்டு `SUM` என்று கேட்டாலும், `SUM` பார்ப்பது சுற்றியிருக்கும் வடிகட்டியைத்தான். மொத்த வரியில் அந்த வடிகட்டி இல்லை. ஆகவே முதல் ஆளுக்கும் 167, இரண்டாவது ஆளுக்கும் 167, 31 டன் வெட்டியவருக்கும் 167. நாலு பேருக்கும் தலைக்கு 1,524. அதைக் கூட்டினால் 6,096. ஆள் வரியில் மட்டும் சரியாக வந்ததற்குக் காரணம் `SUMX` அல்ல. அங்கே அட்டவணையே அந்த ஓர் ஆளை வடிகட்டிக் கொடுத்துவிட்டது.

நிற்கிற வரியை வடிகட்டியாக மாற்ற `CALCULATE` வேண்டும். `SUM`மைச் சுற்றி அதைப் போட்டால் ஆயிற்று. இல்லாவிட்டால் முன்பே இருக்கும் மெஷரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மெஷரைக் கூப்பிட்டால் அதைச் சுற்றி ஒரு `CALCULATE` தானாக ஒட்டிக்கொள்ளும்:

```
Incentive = SUMX ( Workers, [Incentive Base] )
```

ஒரே வரி. மொத்தம் 216. இந்த ஒரு வரிக்காக நான் ஒன்பது நாள் மேலிடத்தோடு மல்லுக்கட்டினேன். நடுவில் ஒருத்தர், "மொத்த வரியை ஆஃப் பண்ணிடுங்க, குழப்பம் வராது" என்றார். மொத்த வரியை மறைத்தால் கார்டும் சார்ட்டும் என்ன, வாயை மூடிக்கொண்டு விடுமா? இன்னொருவர் `HASONEVALUE` போட்டு, ஓர் ஆளுக்கு மேல் இருந்தால் வெற்றாகக் காட்டச் சொன்னார். சம்பளம் போடும் மாதத்தில் மொத்தமே இல்லாத அறிக்கையை நான் யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது?

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அடுத்த மாதம் ஒருவர் மாதத் தேர்வில் இரண்டு மாதத்தைச் சேர்த்துப் போட்டார். 46 டன் வெட்டிய அதே ஆள், அதற்கு முந்தின மாதம் 36 டன்தான். விதிப்படி அவருக்கு முந்தின மாதம் ஒன்றுமில்லை, பிந்தின மாதம் 72 வெள்ளி. டாஷ்போர்டு காட்டியது 504. இரண்டு மாத டன்னையும் சேர்த்து 82 ஆக்கி, அதில் ஒரே ஒரு 40ஐக் கழித்திருக்கிறது. ஆள் வாரியாகச் செய்த அதே தவறு இப்போது மாத வாரியாக வந்துவிட்டது.

இந்தத் தடவை பயங்கரம் என்னவென்றால், வரிகளைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துப்போனது. வரியும் பொய், மொத்தமும் பொய், இரண்டும் கைகோத்து நின்றன. "கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப இருந்தவனை நான்தான் தடுத்தேன். விதி ஆளுக்கும் மாதத்துக்கும் சேர்த்துச் சொன்னது. ஆகவே கணக்கும் ஆள், மாதம் என்ற இரண்டு படியிலும் நடந்தாக வேண்டும்:

```
Incentive =
SUMX (
    SUMMARIZE ( Harvest, Workers[ID], Dates[YearMonth] ),
    [Incentive Base]
)
```

`Workers[ID]` என்று எண்ணை வைத்தது வேண்டுமென்றே. எங்கள் தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். பெயரை வைத்திருந்தால் அந்த மூன்று பேரும் ஓர் ஆளாகி, மூவரின் டன்னும் சேர்ந்து ஒருவரே நூறு டன் வெட்டியதுபோல் நின்றிருப்பார்கள்.

இப்போது இரண்டு மாதம் சேர்த்துப் போட்டாலும் அந்த ஆளுக்கு 72தான் வருகிறது. கார்டிலும் சார்ட்டிலும் செக்ரோல் புத்தகத்தில் நான் கையால் போட்ட தொகையேதான். திருத்திய எண்ணோடு பழைய 1,524ஐயும் ஒரே தாளில் அச்சடித்து, 45 டன் கோட்டா கேட்டவருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த எண்ணை வைத்து எழுதிய பரிந்துரையை எழுத்திலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்றோடு ஐந்து நாள். பதில் வரவில்லை. நாளை பெரட்டு முடிந்ததும் மறுபடியும் போன் போடுகிறேன்.