அப்போ யாரும் தப்பா நினைக்கலையாம்!

"அந்தக் காலத்துல இதை யாரும் தப்பா நினைக்கலடா." இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை யாராவது என்னிடம் சொன்னால், யாரைக் கேட்டீர்கள், எந்த வருஷம் கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடப்போவதில்லை.

நேற்று தாத்தாவுக்கு முடிவெட்டு. இடுப்பு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம், சலூனுக்குப் படியிறங்க முடியாது. தெருமுனை சலூன் தம்பியிடம் கெஞ்சிக் கூத்தாடி, 300 ரூபாய் பேசி வீட்டுக்கே வரவழைத்திருந்தேன். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி, கீழே பழைய பேப்பர். எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது.

"கிராப்பு ஷோக்கா இருக்கணும் தம்பி. பின்னாடி ரொம்ப ஏத்திடாதே, பேஜாராப் போயிடும்" என்றார் தாத்தா. அவ்வளவுதான், என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே போனை எடுத்து வீடியோ. "தாத்தா, இன்னொரு வாட்டி பேஜார் சொல்லுங்க!" அவரும் ஏதோ கச்சேரியில் நேயர் விருப்பம் கேட்ட மாதிரி குஷியாகிவிட்டார். ஜோரு, பேஷ், டபாய்க்கிறது, கப்ஸா என்று வரிசையாக எடுத்துவிட்டார். பேஜார் பாரசீகத்திலிருந்து உருது வழியாக மெட்ராஸுக்கு வந்து குடியேறிய சொல். அதைப் போய் மிருகக்காட்சிசாலைக் குரங்கு மாதிரி படம் பிடிக்கிறாள். மூச்சுக்கு மூச்சு 'வைப்', 'க்ரிஞ்ச்' என்கிற பெண் இவள். இவளுடைய பேத்தியும் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு வருவாள், வரட்டும்.

அப்புறம் தாத்தா சொன்னார்: "தம்பி, கழுத்துக்குள்ள மயிர் போயிடுச்சு, கொஞ்சம் தட்டி விடு."

சமையலறையிலிருந்து அம்மா அலறிய அலறலில் எதிர் பிளாட் கதவு திறந்தது. "மாமா! வயசுப் பொண்ணு நிக்குறா, என்ன பேச்சு இது!"

என்ன பேச்சா? திருக்குறள் பேச்சு! 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார்' என்று வள்ளுவர் சொன்னபோது யார் வீட்டுச் சமையலறையும் அலறவில்லை. மானம் போனவனை 'தலையின் இழிந்த மயிரனையர்' என்று திட்டினாரே, அங்கேகூட குற்றம் தலையிலிருந்து விழுந்ததில்தான், மயிரில் இல்லை. இன்றைக்கும் பேப்பரில் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று போடுகிறார்கள், அம்மா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். இழை சேர்ந்தால் செய்தி, தனியாக வந்தால் கெட்ட வார்த்தையாம். சரி, போகட்டும். தாத்தாவே பயந்துபோய் "முடி, முடி" என்று திருத்திக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் மாயவரத்து நண்பர் போன் செய்தார். தாத்தாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதுவும் நேரடியாக மாயவரத்துக்கே கேட்கிற சத்தத்தில். "என்னத்த சொல்ல, பேரன் வீட்டுக்கே அம்பட்டனைக் கூட்டிட்டு வந்துட்டான். ராஜ மரியாதைதான் போ!"

கத்தரி நின்றது. சரியாக இரண்டு நொடி. சீப்பு தாத்தாவின் தலையிலேயே இருந்தது, கை அசையவில்லை. பிறகு பழையபடி சிக், சிக், சிக். நான் தரையில் கிடந்த வெள்ளை முடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலறவேண்டிய அம்மா சத்தமே காட்டவில்லை. மயிருக்கு வந்த கோபத்தில் கால்வாசி இதற்கு வரவேண்டாமா? ஏலக்காய் இடிக்கிற சத்தம்தான் வந்தது.

போன் வைத்ததும், "தாத்தா, அப்படிச் சொல்லக் கூடாது" என்றேன். அவ்வளவு தன்மையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"ஏன்டா? நல்ல வார்த்தைடா அது. அம்பஷ்டன்னா வைத்தியன்னு அர்த்தம். உனக்கென்ன தெரியும்?"

எரிச்சலே இதில்தான். தெரியும்! அகராதியும் சமஸ்கிருத அம்பஷ்டனைத்தான் காட்டுகிறது, மனுஸ்மிருதியில் அவர்களுக்குச் சொன்ன தொழிலும் வைத்தியம்தான். கட்டியைக் கீறி மருந்து வைத்ததும், பிரசவம் பார்த்ததும் இந்தக் குடும்பங்கள்தான். தாத்தாவே அப்படி ஒரு மருத்துவச்சி கையில் பிறந்தவர், அவரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அரசாங்கத்தின் சாதிப் பட்டியலில் அவர்கள் பெயர் மருத்துவர், நாவிதர், மங்களா, பிராணோபகாரி என்றுதான் போகிறது. பிராணனுக்கு உபகாரம் செய்கிறவர்!

ஆனால் அந்த வைத்தியரை வீட்டுக்குள் எந்த வழியாக விட்டீர்கள்? கொல்லைப்புறமாக. கூலி? அறுப்பு முடிந்து களத்தில் அளந்துபோடுகிற நெல். அறுபது வயசு ஆளை உங்கள் வீட்டுப் பத்து வயசுப் பொடியன் எப்படிக் கூப்பிட்டான்? பெயர் சொல்லிக்கூட இல்லை, சாதியைச் சொல்லி, அதோடு ஒரு 'டேய்'. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தச் சொல்லில் அழுக்கேற்றிவிட்டு, இப்போது வேர்ச்சொல்லைக் காட்டினால் ஆச்சா? கேட்கிறவன் காதில் அம்பஷ்டன் விழுவதில்லை, அந்த 'டேய்'தான் விழுகிறது.

சில ஊர்களில் இவர்களைக் குடிமகன் என்பார்கள். ஊர்க்குடிகளுக்கு ஊழியம் செய்கிறவர் என்ற கணக்கில். அதே சொல் பிறகு 'இந்தியக் குடிமகன்' என்று பாஸ்போர்ட் ஏறியது, அப்புறம் அங்கிருந்தும் இறங்கி டாஸ்மாக் வாசலில் நிற்கிறது. அது தனிக் கதை.

இதையெல்லாம் நான் தாத்தாவிடம் சொன்னேனா என்றால், பாதி சொன்னேன். அவர் சொன்ன பதில்தான் முதல் வரியில் இருக்கிறது. சலூன் தம்பியோ, "பரவால்லண்ணே, பெரியவர்தானே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் வந்துவிட்டது அந்தப் பரவாயில்லை. எத்தனை வீட்டில் சொல்லிப் பழகியிருந்தால் அவ்வளவு வேகமாக வரும்? எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. தாத்தாவுக்கு ஒரு பாடம் நடத்தியே தீர்வது என்று தொண்டையைச் செருமினேன்.

அந்த நேரம் பார்த்து பிளம்பர் போன் செய்தார். காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன மனிதர். மணி பன்னிரண்டு. வீட்டில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. இருந்த கோபம் மொத்தத்தையும் சேர்த்துக் கத்தினேன்:

"இவ்வளவு நேரம் என்னத்தைச் சிரைச்சிட்டிருந்தீங்க?"

பால்கனியில் மறுபடியும் அந்த இரண்டு நொடி.

தம்பி, தாத்தாவின் கன்னத்து நுரையில் வைத்த ரேசரை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, அது நானு. அவர் எங்கேயோ பைப்புதான் மாட்டிட்டிருப்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நுரைக்குள்ளிருந்து தாத்தா, "பேஷ்! பேஷ்!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வேறு என்ன செய்ய.

கிளம்பும்போது 400 ரூபாய் நீட்டினேன். பேசினது 300-தானே என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். தங்கை எடுத்த வீடியோவில் நான் கத்தியது தெள்ளத் தெளிவாக விழுந்திருக்கிறது. அவளுடைய ஸ்டேட்டஸில் இப்போது பேஜாரை விட அதற்குத்தான் அதிகப் பார்வையாம்.

பிளம்பர் இன்னும் வரவில்லை. நேற்று மதியத்திலிருந்து 'பக்கத்துல வந்துட்டேன் சார்' என்கிறார். எந்த ஊருக்குப் பக்கத்தில் என்றுதான் தெரியவில்லை.