யூவி விளக்கு: நீல வெளிச்சத்தை நம்பாதீர்கள்

“ஏசி காத்தைக் குளிர்விச்சு அனுப்புற ஏஎச்யூ பெட்டிக்குள்ள இருக்கிற யூவி விளக்கு நீலமா எரியுற வரைக்கும் மாத்த வேண்டாம்.”

தவறு. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்கே தெரியாது. நீலம் கூடவே வரும் வெளிச்சம்தான். தண்டையார்பேட்டையில் ஒரு கட்டடத்தில் விளக்கு ‘நன்றாக’ எரிந்துகொண்டிருந்தது, ஆனால் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலைத் தொட்டால் விரலில் கிருமிப் படலத்தின் வழவழப்பு ஒட்டியது. இரண்டு வருடப் பழைய விளக்கு!

காயில் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோவாட் விழுந்தால், 86,400 விநாடியில், அதாவது ஒரே நாளில், 4.3 ஜூல் சேரும். விளக்கு மங்கினால், தூசி படிந்தால் இது குறையும். காயிலைத் தாண்டிக் காற்று வெளியேறும் பக்கம், தண்ணீர்த் தட்டிலும் கதிர் விழும்படி மாட்டுங்கள்; பொதுவாக 9,000 மணி நேரத்தில் மாற்றுங்கள்.

அப்புறம், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் கதவைத் திறக்காதீர்கள். கதிர் கண்ணில் பட்டால் அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததுபோல் உறுத்தும்.